வாடகைச் செடிகள்

என் அக்காவிடம் நூற்றறுபது தொட்டிகள் வேலை பார்த்தன. ஓசூர் ரோட்டுப் பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அலுவலகத்தில், மூன்று மாடிகளில், மேஜைகளுக்கு நடுவிலும் லிஃப்ட் வாசலிலும் நின்றுகொண்டு வேலை பார்த்தன. அரேகா, ட்ரசீனா, மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட். தொட்டிக்கு மாதம் நூற்றுப்பத்து ரூபாய் வாடகை. செடி அக்காவுடையது, தொட்டி அக்காவுடையது, மண்ணும் அக்காவுடையது. அவர்களுக்குச் சொந்தம், அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்.

ஏசி காற்றில் எந்தச் செடியும் ஒரு மாதத்துக்கு மேல் முகத்தோடு இருக்காது. நுனி கருகும், கீழ் இலை மஞ்சளாகும். அதற்காக அத்திபெலேயில் குத்தகை இடத்தில் அவள் நடத்திய சின்ன நர்சரியில், பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே இன்னும் ஐம்பது தொட்டிகள் எப்போதும் காத்திருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டெம்போ போகும். வாடினவை இறங்கும், தேறினவை ஏறும். வலைக்குக் கீழே வந்த செடி ஒரு வாரம் ஒன்றும் செய்யாது, சும்மா நிற்கும். பிறகு ஒருநாள் நடுவிலிருந்து சுருட்டின காகிதம் போல ஒரு குருத்து. அதைப் பார்க்கவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குடியிருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறேன்.

"காப்பி மிச்சம் இருந்தா தொட்டியில ஊத்திட்றாங்கடா," என்பாள் அக்கா. "படிச்ச பசங்கதான். செடிக்குக் கூட தூக்கம் வரக் கூடாதுன்னு நெனைக்கிறாங்க போல."

வாடகை பதினேழாயிரத்துச் சொச்சம். டெம்போ, எரு, செத்த செடிக்குப் பதில் செடி, அவள் வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றப் போய்வருவது எல்லாம் போக, கையில் பன்னிரண்டாயிரம் நிற்கும். மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். ஒரு டிரஸ்ட் நடத்தும் இடத்தில் தடவைக்குத் தொள்ளாயிரம். மாதத்துக்குக் கூட்டினால் அதுவும் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம். செடி மாமாவுக்கு, நர்சரி வியாபாரம் வீட்டுக்கு. அக்கா போட்டுக்கொண்ட கணக்கு அவ்வளவுதான்.

நர்சரி வியாபாரத்தை நம்ப முடியாது. மழை தொடங்கினால் சனம் வந்து ரோஜாவும் கறிவேப்பிலையும் அள்ளிக்கொண்டு போகும். மார்ச் வந்தால் நாளெல்லாம் உட்கார்ந்து ஒரு துளசி விற்கும். "நானும் செடி மாதிரிதான் மச்சான்," என்பார் மாமா, ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையைக் காட்டி. "வாரம் மூணு வாட்டி எடுத்துட்டுப் போய் தேத்திக் கொண்டாந்து வெக்கிறாங்க. வாடகைதான் யாரும் தர மாட்டேன்றாங்க."

மாத வாடகை என்றால் மாதாமாதம் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வராது. மாத முடிவில் பில் போட வேண்டும். அது மேஜை மேஜையாக நகர்ந்து, நாற்பத்தைந்து நாளோ அறுபது நாளோ கழித்துப் பணமாகும். டயாலிசிஸ் அப்படிக் காத்திருக்காது. திங்கள், புதன், வெள்ளி, தொள்ளாயிரம் மேஜை மேல் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அக்கா எனக்கு போன் செய்வாள்.

"தம்பி, ஒரு மூவாயிரம். பில் வந்ததும் போட்டுட்றேன்."

போட்டுவிடுவாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆனால் அடுத்த மாதம் போன் மறுபடியும் வரும்.

நான் விளம்பரக் கம்பெனிகளுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கிறவன். ஒரு சோப்புக்கு நாலு வரி, ஒரு வங்கிக்குப் பத்துப் பக்கம். வந்தால் ஒரே நாளில் நாற்பதாயிரம் வரும். வராவிட்டால் இரண்டு மாதம் ஒன்றும் வராது. பணம் வந்த வாரத்தில் ராஜா போலத் திரிவேன், பிறகு ஆட்டோவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஐம்பது வயதை நெருங்கியும் எனக்குத் தெரிந்த பணம் அந்த ஒரு வகைதான். மழை போல் கொட்டிவிட்டுப் போகும் வகை. அக்காவின் மூவாயிரம் எப்போதும் என் வெயில் காலத்தில்தான் கேட்கப்பட்டது.

ஒருநாள் அந்த அலுவலகத்தின் நிர்வாக மேடம் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். கன்னடக்காரர், நல்ல மாதிரி. அக்காவை அக்கா என்றே கூப்பிடுவார். மாதச் செலவுகளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். செடிகளை ஒரேயடியாக வாங்கிவிட்டால் அது வேறு கணக்கில் போய்விடுமாம், யாரும் கேட்க மாட்டார்களாம். தொட்டியோடு அறுநூறு ரூபாய். நூற்றறுபதுக்கும் சேர்த்துத் தொண்ணூற்றாறாயிரம், ஒரே வாரத்தில்.

"ஒந்தே சல, அக்கா," என்றாராம் மேடம். ஒரே தடவை.

செடியை எடுத்துக்கொள்ளுங்கள், பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் மாதக் கூலிக்கு என்னிடம் விடுங்கள் என்று அக்கா கேட்டுப் பார்த்திருக்கிறாள். வேண்டாம், பெருக்குகிறவர்களே தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள் என்று பதில் வந்தது. விற்க இஷ்டமில்லை என்றால் இப்போதைக்கு வாடகையே ஓடட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் மேடமே சொல்லியிருந்தார். இதை நான் மறைக்கக் கூடாது. அவளுக்கு வேறு வழி இருந்தது.

அந்த ஞாயிறு வலைப் பந்தலுக்குக் கீழே நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் அளவு மீறக் கூடாதென்று அக்கா ஊற்றிக் கொடுத்த அரை டம்ளர் டீயை மாமா சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாடகையே ஓடட்டும்னு தோணுதுடா," என்றாள் அக்கா. "லேட்டானாலும் வருதில்ல."

"அடுத்த வருஷம் வேணாம்னா என்னக்கா பண்ணுவ? தொண்ணூத்தாறாயிரம் யாரு குடுப்பா ஒரே வாட்டியில?"

"எட்டு மாசத்துக்கு வரும். ஒம்பதாவது மாசம்?"

"ஒம்பதாவது மாசத்துக்குள்ள வேற ஆபீஸ் புடிக்க மாட்டியா? மாசாமாசம் வரும்னு நம்பித்தான அப்பா உட்கார்ந்திருந்தாரு. சுரங்கத்த மூடும்போது அவரக் கேட்டா மூடினாங்க?"

அப்பாவின் சுரங்கம் இருந்த தங்கவயல் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, எங்கள் வீட்டில் அது எப்போதும் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. அக்கா தலை குனிந்து ஒரு தொட்டியின் ஓரத்து மண்ணை விரலால் அமுக்கினாள். மாமா சிரித்தார்.

"வுடு. நம்ம மச்சான் இங்கிலீஷ்லயே யோசிக்கிறவன். சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்தப் பந்தலுக்குக் கீழே நான் பேசியதில் பாதி என் பையைப் பற்றியது. மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த மூவாயிரம் போன் நிற்க வேண்டும் என்று நான் விரும்பினேன். இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் விற்றாள். சொன்னபடி ஒரே வாரத்தில் பணம் வந்தது. தொட்டிகளின் அடியில் அவள் வெள்ளைப் பெயிண்டில் போட்டிருந்த எண்களை யாரும் அழிக்கவில்லை.

பன்னிரண்டாயிரம் வந்துகொண்டிருந்தபோது யாரும் அதைக் கேட்டதில்லை. வரும்போதே அது மாமாவுடையது. தொண்ணூற்றாறாயிரத்துக்கு அப்படி ஒரு பெயர் இல்லை, ஆளாளுக்குத் தங்கள் பெயரை அதற்கு வைத்தார்கள். குத்தகைக்காரர் அட்வான்ஸை ஏற்றினார். கூரைத் தகடு இரண்டு பறந்தது. மாமாவின் கையில் ஊசி குத்தும் இடம் அடைத்துக்கொண்டு ஒரு சின்ன ஆபரேஷன். எட்டு மாதம் என்று எண்ணியது ஐந்தாவது மாதமே வற்றிப்போனது.

இதற்கு நடுவே இரண்டாவது மாதம் மேடம் போன் செய்தார். செடியெல்லாம் சாய்கிறது, வந்து மாற்றிக் கொடுங்கள் அக்கா என்று. இப்போது அவை உங்கள் செடிகள் மேடம் என்று சொல்ல அக்காவுக்கு நா எழவில்லை. போனாள். நான் கூடப் போனேன். மாடி மாடியாக ஏறினோம். தொட்டிகளில் சிலவற்றில் தண்ணீர் நாறிக்கொண்டு நின்றது, சிலவற்றில் மண் கல்லாக இருந்தது. அரேகாக்கள் விளக்குமாறு போல. மாற்றி வைக்க ஒரு ஜோடி இருந்தால்தான் செடி அங்கே உயிரோடு இருக்கும். அந்த ஜோடியைத்தான் மாத வாடகையில் அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அக்கா ஒவ்வொன்றாகக் காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டே போனாள். கூலி இல்லாத வேலை. மூன்றாவது மாடியில் ஒரு பையன் கம்ப்யூட்டரிலிருந்து தலை தூக்கி, "ஆன்ட்டி, நீங்க ஏன் வர்றதே இல்ல?" என்று தமிழில் கேட்டான். அவள் சிரிக்கப் பார்த்தாள். அடுத்த மாதம் அங்கே பிளாஸ்டிக் செடிகள் வந்துவிட்டன.

வேறு அலுவலகம் தேடாமல் இல்லை. பணம் வற்றின பிறகு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒன்று ஒத்துக்கொண்டது, நூறு தொட்டி. நூறு செடியும் தொட்டியும் வாங்க ஐம்பதாயிரம் முதலில் போட வேண்டும். மாற்று ஜோடிகள் என்று வலைக்குக் கீழே நின்ற ஐம்பதையும் பணமில்லாத வாரங்களில் ஒன்றிரண்டாக விற்றுத் தின்றிருந்தார்கள். வாடகைக்கு விடுவதற்கும் ஒரு முதல் வேண்டும். நூற்றறுபது தொட்டியாக அது அவளிடம் இருந்தது. நான்தான் அதை விற்கச் சொன்னேன்.

டயாலிசிஸ் வாரம் இரண்டானது. மாமாவின் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம்வரை மறையாது. படியேறினால் மூச்சு வாங்கும். புதன்கிழமைகளில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னிக்கு லீவு," என்பார்.

அப்போதுதான் வங்கிக்கு எழுதிய வேலைக்கு எனக்கு அறுபதாயிரம் வந்தது. நேராக அத்திபெலே போனேன். "புதன்கிழமை என்னோடது," என்றேன். "மாசம் மூவாயிரத்து அறுநூறு. அஞ்சாம் தேதி தானா வந்துரும், பேங்க்லயே எழுதிக் குடுத்துட்டேன். நீ போன் பண்ண வேணாம்." அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டிரஸ்டுக்குப் போய்ச் சொல்லி, புதன்கிழமைப் படுக்கையைத் திரும்ப வாங்கினாள்.

இரண்டு மாதம் போனது. மாமாவின் கால் வடிந்தது. மூன்றாவது மாதம் ஐந்தாம் தேதி காலையில் என் போனில் ஒரு குறுஞ்செய்தி. கணக்கில் போதிய இருப்பு இல்லாததால் அனுப்ப முடியவில்லை. வரவேண்டிய இரண்டு வேலைக்கான பணம் வரவில்லை, நான் கணக்கைப் பார்க்கவும் இல்லை. அன்று புதன். வழக்கம் போலக் கிளம்பிப் போய், கவுன்ட்டரில் பணம் வந்திருக்கும் என்று நம்பி போனை நீட்டிப் பார்த்து, இல்லாமல், ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, மாமாவை ஆட்டோவில் திரும்பக் கூட்டிவந்திருக்கிறாள் அக்கா. காத்திருந்த வேறொருவருக்குப் புதன்கிழமைப் படுக்கை போய்விட்டது.

மாலையில் ஓடினேன். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அடுத்த மாதம் சேர்த்துப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் தம்பி," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "இருக்கறப்ப குடு, நான் வாங்கிக்கிறேன். மாசாமாசம்னு மட்டும் சொல்லாத. நீ சொல்லிட்டா நான் அத நம்பி அவருகிட்ட சொல்லிட்றேன்ல."

வீடு திரும்பும் பஸ்ஸிலேயே, ஐந்தாம் தேதிப் பணத்துக்காக வங்கியில் எழுதிக் கொடுத்ததைப் போனில் ரத்து செய்தேன். பணம் வரும்போது இப்போது கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அக்கா வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறாள், அடுத்தது எப்போது என்று கேட்பதில்லை. மாமா வாரம் இரண்டு நாள் போகிறார்.