கை போகும் முன்னால்

அட்டைப்பெட்டி ஆலையின் பாதுகாப்பு மேற்பார்வையாளருக்கு 'ஹெல்மெட்' என்று பட்டப்பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவர் மனைவியின் அண்ணன்தான். அதே ஆலையில் பகல் ஷிப்ட் ஃபோர்மேன். ஒரு காலத்தில் இருவரும் கழிவு அட்டையை அமுக்கிக் கட்டும் பிரஸ்ஸில் ஒன்றாக நின்றவர்கள். ஹெல்மெட் தபாலில் டிப்ளமா படித்து மேஜைக்குப் போனார். மச்சான் மெஷினோடே நின்றுவிட்டான். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தாலும் தங்கையிடம் மட்டும்தான் பேச்சு. இவர் பக்கம் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டான்.

போன மாதம் அந்தப் பிரஸ்ஸில் சிக்கிய அட்டையை இழுக்கப்போன ஒருவனுக்கு இரண்டு விரல் நசுங்கியது. அதற்கப்புறம் மேலிடம் ஒரு உத்தரவு போட்டது: வேலை ஆபத்து ஆய்வு அறிக்கை அலமாரியில் தூங்கினால் போதாது, ஒரே பக்கத்தில் கார்டாக்கி, ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் ஃபோர்மேன் ஆட்களிடம் வாசிக்க வேண்டும். ஹெல்மெட் யாரையும் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். வேலைப் படி, ஆபத்து, தடுப்பு என்று இடமிருந்து வலமாக மூன்று கட்டம். அறிக்கையில் இருந்த அதே வரிசை.

காலையில் பிரஸ் முன்னால் ஆட்கள் கூடினார்கள். இரவு ஷிப்டில் சிக்கிய அட்டை அடைசல் உள்ளே அப்படியே இருந்தது. அமுக்கும் தலை பாதி உயரத்தில் கோணலாக நின்றது.

"மாப்ள சார் பரீட்சை பேப்பர் குடுத்திருக்காரு," என்றான் மச்சான், கார்டை விரல் நுனியால் பிடித்தபடி. "எல்லாரும் கையக் கட்டி நில்லுங்க."

சிரித்தார்கள். ஹெல்மெட்டுக்குக் காது சுட்டது.

"வாசிங்க மச்சான்."

"எங்க யாரையாவது கேட்டியா? இந்த மெஷின்ல இப்ப யாரு கைய விடுறா, நீயா நானா?"

"வாசிச்சுட்டு சண்டை போடுங்க."

மச்சான் வேண்டுமென்றே பள்ளிக்கூடப் பையன் போல ராகம் போட்டான். இடது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தான்.

"ஒண்ணு, மெஷினை நிறுத்தவும். ரெண்டு, மெயின் சுவிட்சை அணைத்து, அவரவர் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடம் வைக்கவும். மூணு, கதவைத் திறந்து சிக்கியதை எடுக்கவும்..."

"சரி, பூட்டியாச்சு. எடுத்துரலாமா?" என்று, மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுவிட்டு வந்த ஆபரேட்டர் கொக்கியைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தான்.

ஹெல்மெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. மின்சாரத்தைப் பூட்டியாயிற்று, அமுக்கும் தலையைத் தள்ளும் எண்ணெயின் அழுத்தத்தை யார் பூட்டினார்கள்? கரண்ட் இல்லாமலே அது தலையை இறக்கிவிடும். 'அழுத்தத்தை இறக்கவும், முட்டு கொடுக்கவும்' என்பது கார்டில் இருந்தது. ஆனால் மூன்றாவது படிக்கு எதிரே, கடைசிக் கட்டத்தில். அதை வாசிப்பதற்குள் கை உள்ளே போய்விடும். இவர் கையெழுத்துப் போட்ட கார்டை நம்பி.

இப்போது வாய் திறந்தால் ஆலை முழுக்க ஆறு மாசத்துக்குச் சிரிக்கும். மச்சான் தங்கை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோவான்.

"நிறுத்துடா! தள்ளி நில்லு!" என்று கத்தினார். "கார்டு தப்பு. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

 பிறகு மச்சான் கை தட்டினான்.

"கேட்டீங்களாடா? படிச்சவரு ஒத்துக்கிட்டாரு! தங்கச்சிக்குப் போன் போடணும்."

"போடுங்க. முதல்ல கார்டைக் குடுங்க."

கார்டைப் பிடுங்கி, பிரஸ் மேலேயே வைத்து, பேனாவால் மூன்றாவது வரியை அடித்தார். தடுப்பாக இருந்ததைப் படியாக்கி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். மூன்று: கதவு மூடியபடி எல்லாரும் விலகி நிற்க, வால்வைத் திறந்து மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை அழுத்தத்தை இறக்கவும். நான்கு: ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஓடவில்லை என்று பார்க்கவும். ஐந்து: கதவைத் திறந்து, தலைக்கு அடியில் அதைத் தாங்கும் இரும்பு முட்டுக்கம்பியை வெளியிலிருந்தே தள்ளிச் செருகவும். ஆறு: கொக்கியால் எடுக்கவும், கையால் அல்ல.

"இதுல எதாச்சும் நடக்காததா இருக்கா?"

"முட்டு எங்கடா இருக்கு? ஸ்டோர்ல துருப்பிடிச்சுக் கிடக்கு," என்றான் மச்சான். "கார்டுல எழுதிட்டா நடந்து வந்துருமா?"

"எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அது வர்ற வரைக்கும் மெஷின் ஓடாது."

"உற்பத்தி போனா?"

"என் பேரைச் சொல்லுங்க."

முட்டு வந்தது. ஹெல்மெட் தன் பூட்டையும் மாட்டினார். ஆபரேட்டர் எட்ட நின்றபடி வால்வைத் திருப்பினான். சீறல் சத்தம், கோணலாக நின்ற தலை அசைந்து, பட்டென்று ஒரு முழம் இறங்கி நின்றது. சற்று முன் ஆபரேட்டர் கை போக இருந்த இடம் அது. அவன் தன் கையைப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோனது.

மச்சான் கார்டின் அடியில் கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டு, அதை ஹெல்மெட் நெஞ்சில் அழுத்தித் திணித்தான்.

"நாளைக்கு எழுதினா இங்க வந்து எழுது. ரூமுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு எங்க கையோட விளையாடாத."

"வர்றேன்."

"வராம இருந்தாத்தான் நல்லா இருக்கும்."

அன்று சாயங்காலம் அவன் தங்கை வீட்டுக்கு வந்தான். ஹெல்மெட் தண்ணீர் நீட்டினார். வாங்காமல் தங்கையிடம் மட்டும் பேசிவிட்டுப் போனான். வாசலில் அவள் சிரிப்பை அடக்கியபடி கேட்டாள்: "ஏங்க, தப்பா எழுதிட்டீங்களாமே?"