ஆறு வசனம் தள்ளி

சைனப் லாத்தாவுக்கு யாராவது ஒரு குற்றம் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்குக் குர்ஆன் நன்றாகத் தெரியும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மூத்தவளை லாத்தா என்போம். மதுரைத் தெற்கு வெளி வீதிப் பக்கம் அவள் வீடும் என் வீடும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஓதுவதைக் கேட்டுக்கொண்டுதான் நான் பதினோரு வருஷம் சோறு வடித்தேன்.

புருஷன் இபுராகிம் ராவுத்தர் பூட்டுக்கடைக்காரர். பிள்ளை இல்லை. உடம்பு நன்றாக இருந்த காலத்திலேயே ஒருநாள், "வீட்டை உன் பேருக்கு இப்பவே குடுத்துடுறேன் சைனப், என் காலத்துக்கப்புறம் உன்னை யாரும் அசைக்கக் கூடாது" என்றார்.

"உங்க தம்பி மனசு நோகும். வேணாங்க" என்றாள் இவள். "அல்லாவே சொல்லியிருக்கான். புருஷன் மவுத்தானா ஒரு வருஷம் வீட்டை விட்டு அனுப்பாமச் சோறு போடணும்னு வசிய்யத் செய்யச் சொல்லி. அதுக்குள்ள எனக்கு ஒரு வழி பிறக்காதா?"

வசிய்யத் என்றால் சாவுக்கு முன் சொல்லி வைக்கும் உயில். அந்த வசனம் குர்ஆனின் இரண்டாவது சூராவில் இருக்கிறது. அதற்கு ஆறு வசனம் முன்னால் இன்னொன்று, கைம்பெண் நாலு மாசம் பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்று. பின்னால் வருவதுதான் பிந்திய சொல், அதுதான் செல்லும் என்று லாத்தா எண்ணிக்கொண்டாள். நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். ராவுத்தர் இரண்டு சாட்சி வைத்து, ஒரு வருஷம் என்று வசிய்யத் சொன்னார். 1939-இல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

இத்தா, அந்த நாலு மாசம் பத்து நாள் காத்திருப்பு, முடிந்த மறுநாளே மேலூரிலிருந்து கொழுந்தன் முகைதீன் பிச்சை வந்து நின்றான். கெட்டவன் இல்லை. அவனுக்குக் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் இரண்டு பெண்கள். "மைனி, வித்துப் பங்கு பிரிச்சுக்குவோம்" என்றான். இவள் வசனத்தை ஓதினாள். அவன் பதறிப்போய், மார்க்கம் படித்த ஆலிம் அப்துல் லத்தீபிடம் போவோம் என்றான்.

ஆலிம் மூன்று நாள் கிதாபு புரட்டினார். நான்காம் நாள் கொழுந்தனோடு வந்து, இவள் வீட்டிலேயே திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னார். அவள் பக்கத்தில் நான் இருந்தேன்.

"ஒரு வசனத்தை இன்னொண்ணு மாத்திருச்சுன்னு எடுத்த எடுப்பில சொல்லக் கூடாதும்மா. முதல்ல ரெண்டையும் சேத்து நடத்த முடியுமான்னு பாக்கணும். முடிஞ்சா மாத்தம்ங்கிற பேச்சே கிடையாது. முன்னோர்ல ஒருத்தர் அப்படிச் சேத்திருக்காரு. நாலு மாசம் பத்து நாள் கடமை, மிச்ச ஏழு மாசம் இருபது நாள் வசிய்யத்துல வர்றது, இருக்கதும் போறதும் அவ இஷ்டம்னு."

லாத்தா என் கையைப் பிடித்தாள்.

"ஆனா பெரும்பாலானவுக அதை ஏத்துக்கல. எது பிந்தி இறங்குச்சுங்கிறதுக்கு ஏட்டுல இருக்க இடம் சாட்சி இல்ல. நபி கூட இருந்தவுக சொன்ன சேதிதான் சாட்சி. வருஷ வசனத்தை மத்தது மாத்திருச்சே, பெறகு ஏன் எழுதி வச்சிருக்கீகன்னு குர்ஆனை ஏட்டுல தொகுத்த மூணாவது கலீஃபாகிட்ட ஒருத்தர் கேட்டாரு. எதையும் அதன் இடத்தை விட்டு நகத்த மாட்டேன்னாக. முன்னால இருக்க நாலு மாச வசனந்தான் பிந்தி வந்தது."

"அப்ப அந்த ஒருத்தர் சொன்னது?" என்று லாத்தா கேட்டாள்.

"அவரு வழியில போனாலும் மிச்ச மாசம் வசிய்யத்துலதாம்மா வரணும். உனக்குச் சொத்துல நாலுல ஒண்ணு, காப்பங்கு, விதிச்சு வாரிசு வசனம் வந்துருச்சு. வாரிசுக்கு வசிய்யத் இல்லன்னு ரசூலுல்லா சொல்லிட்டாக. மத்த வாரிசு சம்மதிச்சா மட்டும் செல்லும்."

நானும் லாத்தாவும் திரை இடுக்கு வழியாகக் கொழுந்தனைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்தான். "என்னால முடியாது ஹஜ்ரத்" என்று அழுதே விட்டான். அவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, அது இன்னும் எரிச்சல்.

"அப்ப அந்த வசனம் இனி எதுக்கு?" என்றாள் லாத்தா.

"சட்டம்தான் எடுபட்டுச்சு. ஓதல் அப்படியே இருக்கு. ஓதுற ஒரு எழுத்துக்குப் பத்து நன்மை உனக்கு உண்டு."

"நன்மை இருக்கு. வீடு இல்ல" என்றாள். கோபம் துளியும் இல்லாமல்தான் சொன்னாள். ஆலிம் எழுந்து போனார்.

காப்பங்கை வாங்கிக்கொண்டு பழங்காநத்தத்தில் ஒற்றை அறைக்குப் போனாள். அங்கே ஒன்பது வருஷம் இருந்தாள். நான் ஒரு ரமலானில் போனபோது ஓதிக்கொண்டிருந்தாள். அந்த வருஷ வசனம் வந்தது. ஓரெழுத்து குறையாமல், நீட்ட வேண்டியதை நீட்டி, நிறுத்த வேண்டியதில் நிறுத்தி முடித்தாள். மூடி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"ஆலிம் மேல வருத்தமில்ல, கொழுந்தன் மேலயும் இல்ல. அவுக உசுரோட இருக்கையிலே வீட்டைக் குடுக்குறேன்னாக. வேணாம்னு தடுத்தது நான்தானேடி."