நாக்கின் பின்பக்கம்

திருவள்ளூரில் நான் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அறைக்கு அந்த அம்மா கும்மிடிப்பூண்டியிலிருந்து, பெரியபாளையத்தில் பஸ் மாறி வந்தார். கூடவே நாலு வயது மகள். பிளாஸ்டிக் கம்பெனியில் பாட்டில் மூடிகளைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. மகள் தப்பாகச் சொல்லும் வார்த்தைகளை, கம்பெனிப் பழக்கத்தில், நோட்டில் வரிசை எண் போட்டு எழுதியிருந்தார்.

“அறுவத்திரண்டு கீது மேடம். நாக்குக்கு அடில நரம்ப வெட்டிட்டா சரியாப் பூடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த மாசம் மொத வெள்ளிக்கெழம. எங்க ஊட்டுக்காரும் ஒத்துக்கினாரு. எனக்குத்தான் மனசு ஒப்பல.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த டாக்டர், இவளை ஒரு நிமிஷம் பேசவிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? லட்டு, நாய், டப்பா எல்லாம் கணீரென்று சொல்கிறாள். நாக்கு நுனி கட்டுண்டு கிடந்தால் லட்டு எப்படி வரும்?

நோட்டைப் புரட்டினேன். கோழி, தோழியாகியிருந்தது. மாங்கா, மாந்தாவாகியிருந்தது. கோழியின் ‘க’வில் தொண்டை அதிராது. மாங்காவின் ‘க’வில் அதிரும். அதற்கு முன்னால் நிற்கும் ‘ங்’ மூக்கு வழியே வரும். ஒலி என்பது இப்படிச் சில குணங்கள் சேர்ந்த ஒரு மூட்டைதான். இந்த மூன்றுக்கும் பொதுவான குணம், நாக்கின் பின்பக்கம் மேலே எழுவது. அது ஒன்றைத்தான் அவள் முன்னால் தள்ளியிருந்தாள். அதனால் மூன்றும் கூண்டோடு முன்னால் போய், பல்லில் படும் ‘த’வும் ‘ந்’தும் ஆயின. அதிர்வும் மூக்கும் இருந்தபடியே இருந்தன.

இதைச் சொன்னதும் அந்த அம்மா நோட்டை மூடிவிட்டார். “அப்ப மூடி வாக்குற அச்சுலதான் கோளாறு. மூடி மூடியா தேச்சிக்கினு இருந்தா ஆவாது.” படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு இதை இவ்வளவு அழகாகச் சொல்ல வந்ததில்லை. அப்போதே அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கோழியின் ‘க’வை மட்டும் பழக்குவோம், மாங்காவைத் தொடவே வேண்டாம் என்றேன். கோளாறு ஒன்றுதான் என்றால் மாங்காவும் தானாகத் திருந்த வேண்டும். திருந்தாவிட்டால் கத்திக்கு என்ன பதில் சொல்வது? முதல் ஷிப்ட் முடிந்த கையோடு அம்மாவும் மகளும் வருவார்கள். மல்லாந்து படுத்து, வாயில் துளித் தண்ணீரோடு கொப்பளிக்கும் சத்தம் போடுவாள் அவள். பின்நாக்கு எழுவது அதில்தான் முதலில் பிடிபட்டது. இரண்டு வாரத்தில் கோழி வந்தது.

மூன்றாம் வாரம் அப்பாவும் வந்தார். “ஆபரேசனுக்கு நாலு நாளுதான் மேடம் கீது. இந்தக் கொப்பளிக்கிறதெல்லாம் வேலைக்காவுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் அவர் கைப்பையை இழுத்துப் பார்த்தாள். “நைனா, மாங்கா!”

யாரும் சொல்லித்தராத மாங்கா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். அவளை மடியில் தூக்கி உட்காரவைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

“இத்தப் போயி வெட்ட ஒத்துக்கினேனே, கண்ணு” என்றார்.