தோசைக்கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவன்

உலகத்தில் முட்டாள்தனத்துக்குப் பட்டயம் கொடுப்பதாக இருந்தால் முதல் பட்டயத்தை எனக்கே கொடுக்கலாம். சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, சுதந்திரம் வந்த மறுவருஷம், ஆடித்தபசுத் திருவிழாச் சமயத்தில் அதைச் சம்பாதித்தேன்.

அதற்கு முந்தின வருஷம் என் மனைவிக்கு மலேரியா வந்தது. வீட்டில் நான், பதினைந்து வயது மூத்தவன், பதின்மூன்று வயது இளையவன் என்று மூன்று ஆண்பிள்ளைகள் இருந்தும் அவளுக்குக் கஞ்சி வைக்க ஆளில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டே அவளே எழுந்து வைத்துக் குடித்தாள். நான் பக்கத்தில் நின்று, "உப்புப் போட்டியா?" என்று கேட்டேன். அதுதான் என் பங்கு.

உடம்பு தேறியதும் பையன்கள் இருவரையும் அடுப்படிக்குள் இழுத்துவிட்டாள். உலை கொதித்த பிறகே களைந்த அரிசியைப் போட வேண்டும். பருக்கையை நசுக்கினால் நடுவே ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே வடித்துவிட வேண்டும், மீதியைச் சூடே வேகவைக்கும் என்பாள். பாத்திரம் கழுவுவதில் பால்செம்பு முதலில், எண்ணெய்ச் சட்டி கடைசியில். அடிப்பிடித்த பானையை முதலிலேயே ஊறப் போட்டுவிட வேண்டும். ஒருவன் சமைத்தால் மற்றவன் கழுவி, பெருக்க வேண்டும்; மறுநாள் மாறிக்கொள்ள வேண்டும். "சொன்னா செய்யிறது பெரிசில்ல. உப்புச் சாடி காலியாகப் போகுதுன்னு சொல்லாமலே தெரியணும்" என்பாள்.

"ஏட்டி, பிள்ளையளைத் தவசிப்பிள்ளையாச் சமையல் வேலைக்கா அனுப்பப் போற?" என்று நான் கேலி செய்தேன்.

"நாளைக்கு வாரவளுக்கும் காய்ச்சல் வரும்லா" என்றாள்.

அந்த ஆடியில் ராயகிரியில் அவள் தங்கைக்குப் பிரசவம். தாயில்லாத பெண், இவள்தான் போய்ப் பதினாறு நாள் இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் இரண்டு ராத்திரிக்குமேல் எங்கும் தங்கியதில்லை. இந்தத் தடவை பையன்களை நம்பித் துணிந்து கிளம்பினாள். அவள் போன ஏழாம் நாள் தபசு பார்க்க அவளுடைய அண்ணன் வருவதாகத் தகவல் வந்தது. அடுத்து அவர் போவது ராயகிரிக்கு. இங்கே வீடு நாறிக் கிடந்தால் அதை அவர் அப்படியே சொல்லிவிடுவார். அவள் பாதியிலேயே வண்டியேறிவிடுவாள்.

ரேஷன் அரிசியில் மிச்சம்பிடித்து மூத்தவன் தோசைக்கு ஊறப் போட்டான். உளுந்தை ஆட்டுரலில் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க ஆட்டினான். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டுத்தலைவன் இல்லையா? மூலையில் தோசைக்கல் கருகருவென்று இருந்தது. பையன்கள் இதை மட்டும் கழுவாமல் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். சாம்பல், மணல், தேங்காய் நார் சகிதம் உட்கார்ந்து அரைநாள் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. முகத்தையும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மைத்துனர் இலை முன்னால் உட்கார்ந்தார். மூத்தவன் முதல் தோசையை ஊற்றினான். கல்லை விட்டு வர மாட்டேன் என்றது. சுரண்டினால் துண்டு துண்டாக வந்தது. இரண்டாவதும் அப்படியே.

"அப்பா, கல்லை யாரு தேச்சா?"

என் நகக்கண்ணில் இருந்த கறுப்பே பதில் சொன்னது.

"வருஷக்கணக்கா எண்ணெய் குடிச்ச கல்லுப்பா. தோசை ஒட்டாம காத்தது அந்தக் கறுப்புதான். அம்மா துணியால துடைக்கத்தான் செய்வா."

அதற்குமேல் அவன் என்னோடு பேசி நேரத்தை வீணாக்கவில்லை. கல்லைப் புகையக் காயவைத்து, நல்லெண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தால் அழுத்தித் தேய்த்துத் துடைத்தான். திரும்பக் காயவைத்தான், திரும்பத் தேய்த்தான். இளையவனிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே இட்லிச் சட்டியில் ஈரத்துணி கட்டிக் கொஞ்சம் மாவை ஊற்றி வைத்தான். மாமா பசியில் இருக்கக்கூடாதாம். நான் அடுப்பை விசிறினேன். சாம்பல் பறந்து சட்னியில் விழுந்ததும் அந்தப் பதவியும் பறிபோனது.

மைத்துனர் நாலு இட்லி தின்று முடிக்கும்போது தோசை முழுசாக எழும்பி வந்தது. அதிலும் மூன்று தின்றார். பிறகு அடுப்படி, கொல்லை, தண்ணீர்த்தொட்டி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

"மாப்பிள்ளை, தங்கச்சி அங்கனயே இருக்கட்டும். இங்கன அவளுக்கு ஒரு வேலையுமில்ல. பாக்கப்போனா உமக்குமில்ல."

என் மனைவி பதினாறு நாளும் நிம்மதியாக இருந்து, தங்கை குழந்தையைக் குளிப்பாட்டிக் கொஞ்சிவிட்டு, இரண்டு சுற்றுப் பெருத்துத் திரும்பினாள். நான் அவளிடம் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டது அதன்பிறகுதான். இப்போதும் கஞ்சியோடு பாதிச் சோறும் போய்விடும் என்பது வேறு விஷயம்.

போன மாதம் மூத்தவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்; அவன் தோசை சுட்டுக்கொண்டிருந்தான். வருஷக்கணக்காகக் கல் குடித்த எண்ணெய்போல அவன் அம்மா பழக்கியது அவனிடம் ஊறிப்போயிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் எங்க வீட்டு வளர்ப்பும்மா. நானும் ஏதாவது ஒத்தாசை செய்யட்டுமா?" என்றேன்.

அவள் நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்:

"கல்லை மட்டும் தொடாதீங்க மாமா."