இரண்டு வருடம் என்று நான் காட்டிய வரி

மலேசியாவில் ரந்தாவ் ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்கு டிராக்டர் பழுதுபார்க்கும் கம்பெனியில் ஆள் சேர்ப்பதும் கடிதம் அடிப்பதும் என் வேலையாக இருந்தது. மெக்கானிக்குகளில் பாதிப்பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்கு, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவைக் கூப்பிடுவதுபோல, கிராணியம்மாதான். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கிராணியிடமே கேட்பார்கள். அது எங்களுக்கு ரொம்ப வசதி.

எங்கள் கெட்டிக்கார மெக்கானிக் ஒருவர் ராஜினாமா கொடுத்தார். அவரை வேலைக்குக் கூப்பிட்ட போட்டிக் கம்பெனியின் வொர்க்ஷாப் அவர் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். முதலாளிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "எங்க வேணா போவட்டும், அங்க மட்டும் கூடாது. அந்த வரியக் காட்டு," என்றார்.

காட்டினேன். வேலையை விட்டபின் இரண்டு வருடம் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இதே தொழில் செய்யக்கூடாது என்ற வரி.

"மீறுனா கேஸ் போடுவாங்க," என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் லா, கிராணியம்மா," என்று அந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு வேறு மாநிலமான ஜொகூருக்கு வேலைக்குப் போனார்.

அந்த வரி செல்லாது என்று எனக்குத் தெரியும். சிரம்பான் வக்கீல் ஒருவர் எங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு முன்பே சொல்லியிருந்தார்: கம்பெனி ரகசியத்தைக் காக்கச் சொல்லலாம், வேலையில் இருக்கும்வரை போட்டிக்காரனுக்கு உழைக்காதே எனலாம். விலகிய ஆளைப் பிழைக்க விடாமல் தடுத்தால், ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவுப்படி அது வெற்றுக் காகிதம். இரண்டு வருடமோ இரண்டு மாதமோ, நியாயமா இல்லையா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. வியாபாரத்தை விற்பவர், கூட்டாளிகள் போன்ற சிலருக்குத்தான் விதிவிலக்கு. முதலாளி சிரித்தார். "பயந்தா போதும்," என்றார். நானும் கூடச் சிரித்தேன்.

அடுத்த வருடம் அதே போட்டிக் கம்பெனி என்னைக் கூப்பிட்டது. என் ஒப்பந்தத்திலும் அதே வரி இருந்தது. கண்டுகொள்ளாமல் போய்ச் சேர்ந்தேன்.

போன மாதம் ரந்தாவ் பசாரில் அந்த மெக்கானிக்கைப் பார்த்தேன். மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறாராம். தோளில் இருந்த குழந்தை அவரைத் தள்ளிவிட்டு அம்மாவிடம் போக அழுதது.

"அவங்களுக்கு நான் புதுசா இருக்கேன்ல, அதான். இன்னும் அஞ்சு மாசம்தான் கிராணியம்மா. ரெண்டு வருசம் முடிஞ்சதும் இங்கயே வந்துருவேன் லா," என்றார். அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

"நீங்க இப்ப எங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் வேண்டாமென்று விட்ட இடம்.

"உங்க பேப்பர்ல அந்த வரி இல்லையா?"

"இருந்துச்சு. அது செல்லாது. உங்களுக்கும் செல்லாது. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, "ஏன் கிராணியம்மா?" என்று மட்டும் கேட்டார். அப்போதும் மரியாதையாகத்தான் கேட்டார்.