கூரைக்குக் கீழே பனி

விதையும் தொட்டியும் மண்கலவையும் விற்கிற அந்தக் கம்பெனியில் அவளைப் படக்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். விதைப் பாக்கெட்டின் முகப்பில் இருக்கும் தக்காளி அவள் எடுத்தது. மண்கலவை மூட்டையில் சிரிக்கும் புதினாவும் அவள் எடுத்ததுதான். வருடத்துக்கொரு முறை வரும் விலைப்புத்தகத்தின் படங்கள் முழுவதும் அவளுடைய பொறுப்பு. கல்யாணப் படம் எடுக்கும் வேலையை எப்போதோ விட்டுவிட்டாள். மனிதர்களை நிற்கவைத்துச் சிரிக்கச் சொல்வது அவளுக்கு ஒத்துவரவில்லை. செடியிடம் அந்தத் தொல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டாள். அதுவும் முழு உண்மை இல்லை. செடியையும் அவள் நிற்கவைத்துத்தான் எடுத்தாள்.

படமெடுக்கும் இடம் அவள் வீட்டு பால்கனி. மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்தது, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் கதவுக்கு உள்ளே நிற்க வேண்டும். "காலைப் பனியோட, இயல்பா, யாரோ இப்பதான் எழுந்து வந்து பார்த்த மாதிரி" என்று கம்பெனி கேட்கும். அந்த இயல்பு வருவதற்கு அவளுக்கு அரைநாள் பிடிக்கும். கத்தரிக்கோலைத் தற்செயலாக வைத்ததுபோல் வைக்க, வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பார்ப்பாள். பனி என்பது கிளிசரின் கலந்த தண்ணீர். வெறும் தண்ணீர் தெளித்தால் படர்ந்து வழிந்துவிடும். கிளிசரின் சேர்த்தால் முத்து முத்தாக நிற்கும், சீக்கிரம் காயாது. அவள் கணவர் பஸ் ஓட்டுபவர். முதல் டிரிப்புக்குக் கிளம்பும்போது சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போவார்.

"என் மேலயும் கொஞ்சம் அடிச்சு விடேன். நானும் ஃப்ரெஷ்ஷா தெரிவேன்."

"உங்களுக்கு அதெல்லாம் நிக்காதுங்க. வழிஞ்சு போயிடும்."

இந்த வருடம் முதலாளி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர் உட்காரச் சொன்னால் விஷயம் கெட்டது என்று அவளுக்குத் தெரியும்.

"படக்காரம்மா, நான் சுத்தி வளைக்க விரும்பல. இந்த ஏஐல படம் நல்லாத்தான் வருதுங்கறாங்க. ஆனா உங்கள அப்படியே விட்டுட எனக்கு மனசு வரல. அட்டைப் படம் மட்டும் ரெண்டு தரப்புலேருந்தும் வரட்டும். நீங்க ஒண்ணு எடுத்துட்டு வாங்க. டிசைனர் பொண்ணு ஒண்ணு போடட்டும். எது யாருதுன்னு சொல்லாம எங்கிட்ட காட்டுங்க. உங்களுது நின்னா புத்தகம் பூரா உங்களுது. சரிதானே?"

"சரிங்க சார்."

"இன்னொண்ணு. அந்தப் பொண்ணுக்குச் செடி கொடி தெரியாது. என்ன படம் வேணும்னு ஏஐக்கு பிராம்ப்ட் எழுதும்போது நீங்க கொஞ்சம் பக்கத்துல இருங்க. போட்டின்னா ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும் இல்லையா?"

தன்னைத் தோற்கடிக்க வருபவருக்குத் தானே பயிற்சி கொடுப்பதைச் சமம் என்று சொல்ல நல்ல மனசு வேண்டும். அவள் தலையாட்டினாள்.

டிசைனர் பெண் அவளை அக்கா என்று கூப்பிடுவாள். அந்தப் பெண்ணும் இதை விரும்பிச் செய்யவில்லை. திரையில் இருந்த பெட்டியில் எழுதினாள்: பால்கனி சமையல் தோட்டம், தொட்டிகளில் மூலிகைச் செடிகள், காலைப் பனி, இயல்பான, சாவகாசமான அமைப்பு. சற்று நேரத்தில் படம் வந்தது. தொட்டிகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல் உயர வரிசையில் நின்றன. ஒவ்வொரு இலையிலும் ஒரே அளவில் பனித்துளி. மண்வாரியின் கைப்பிடியிலும் பனித்துளி. பால்கனிக் கம்பியொன்று கொத்தமல்லிக்குள் புகுந்து அப்புறம் வெளியே வரவே இல்லை.

"அடிப்பாவி, இது தோட்டமா, நகைக்கடையா?" என்றாள் படக்காரம்மா.

பெண் சிரித்துவிட்டாள். "இயல்பான்னுதான் அக்கா எழுதியிருக்கேன். வேணும்னா 'வரிசையாக வேண்டாம்'னு சேர்க்கறேன்." சேர்த்தாள். வரிசை இன்னும் ஒழுங்காக வந்தது. "வேண்டாம்னு சொன்னா அந்த வார்த்தையத்தான் பிடிச்சுக்குது அக்கா."

படக்காரம்மா அந்த இடத்தில் எழுந்து போயிருக்கலாம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். வரும்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் திரையில் வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் விழுந்துகொண்டிருந்தது. தொட்டிகளின் நிழல் ஒருபக்கம், கத்தரிக்கோலின் நிழல் மறுபக்கம். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் கறையைப் பார்த்தால் பிறர் வீட்டிலும் தேய்க்கத் தோன்றுமே, அப்படித் தோன்றியது.

"அத அழி. இயல்புன்னு எழுதாத. அது எல்லாரும் எதை இயல்புன்னு சொல்றாங்களோ அதைத்தான் தரும். என்ன இருக்கணும்னு சொல்லு. எழுது: சூரியன் இன்னும் இலைமேல படல. வெளிச்சம் இடப்பக்கத்துலேருந்து மட்டும், தாழ்வா. கையில கப்போட நிக்கறவ கண் உயரத்துலேருந்து பாக்கறா. முன்னால புதினா, பாதித் தொட்டி படத்துக்கு வெளிய. பின்னால வெங்காயத்தாள், மங்கலா. புதினாவுல அடியில ஒரு இலை மஞ்சளாகியிருக்கு. பனி மேல் இலையில மட்டும், சின்னதும் பெருசுமா. தொட்டி விளிம்புல காஞ்ச மண்."

பெண் தட்டிக்கொண்டே போனாள். ஒருமுறை நிமிர்ந்து, "உங்களுக்கு இதெல்லாம் எப்படிக்கா அப்படியே வருது?" என்றாள். படக்காரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இவ்வளவு வருடம் கையால் செய்ததை முதல் முறையாக வாயால் சொல்கிறாள், அவ்வளவுதான். சொல்ல முடிகிற ஒன்றாக அது இருந்தது என்பதுதான் அவளுக்கு அதிர்ச்சி. சொல்லில் அடங்காத ஏதோ ஒன்று தன் கையில் இருப்பதாக நம்பியிருந்தாள். நாலைந்து முறை திருத்தியதும் வந்த படம் நன்றாக இருந்தது. அவள் பால்கனிபோலவே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு முடிவு எடுத்தாள். பொய்ப்பனியை எந்திரமும் போடும். அதனால் தன் படத்தில் பொய் இருக்கக் கூடாது. கிளிசரின் வேண்டாம். இருப்பதை எடுப்பது.

மறுநாள் விடியுமுன்பே கேமராவோடு பால்கனியில் நின்றாள். பனி இல்லை. எப்படி இருக்கும்? மேல் வீட்டு பால்கனிதான் இவளுக்குக் கூரை. திறந்த வானத்தைப் பார்த்து ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இலையில்தான் பனி பிடிக்கும். இத்தனை வருடம் இந்த பால்கனியில் பனியைப் படம் எடுத்தவளுக்கு, இங்கே பனி இறங்கியதே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒன்று மட்டும் இருந்தது. தக்காளிச் செடியின் இலை ஓரங்களில், பல்லுப் பல்லாக இருக்கும் நுனி ஒவ்வொன்றிலும், ஒரு துளி நின்றது. முந்தின சாயங்காலம் தண்ணீர் நிறைய ஊற்றியிருந்தாள். காற்று ஈரமாக, அசையாமல் இருந்தது. வேர் இழுத்த தண்ணீரைச் செடியே நுனிவழியாக வெளியே தள்ளியிருக்கிறது. வானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெயில் வந்தால் போய்விடும். அவள் எதையும் தொடவில்லை. கணவருடைய லுங்கி ஒரு மூலையில் தொங்கியது. அதையும் விட்டுவிட்டாள்.

படத்தைப் பார்த்து அவர், "இதுல என் லுங்கி வேற இருக்கே" என்றார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "நல்லாருக்கும்மா. ஆனா இது நம்ம வீடு மாதிரி இருக்கு" என்றார். அது பாராட்டா இல்லையா என்று அவள் கேட்கவில்லை.

முதலாளி இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் அவளுக்காகவே பார்க்கிறார் என்பது தெரிந்தது. அவளுடையதைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பார்த்தார். தக்காளிப் படத்தைத் தூக்கி ஓரமாக வைத்து, டிசைனர் பெண்ணிடம் சொன்னார்.

"இது மெஷின் வேலை. பாரும்மா, இலைமேல பனியே இல்ல, ஓரத்துல மட்டும் பொட்டு வெச்ச மாதிரி. பனி எங்கயாவது இப்படி அளவெடுத்து நிக்குமா? அப்புறம் என்னமோ துணி தொங்குது. மெஷினுக்குத்தான் இந்த மாதிரி சம்பந்தா சம்பந்தமில்லாம வரும்." மற்றதை எடுத்துப் புன்னகைத்தார். "இது படக்காரம்மா. எனக்குத் தெரியாதா? அந்த மஞ்சள் இலைய விட்டு வெச்சிருக்காங்க பாரு. கைப்பழக்கம்னா இதுதான். ஜெயிச்சுட்டீங்க படக்காரம்மா."

டிசைனர் பெண் தரையைப் பார்த்தாள். பேசாமல் இருந்திருந்தால் ஒருவேளை இன்னும் ஒரு வருடம் வேலை ஓடியிருக்கும். படக்காரம்மா அதையும் யோசித்தாள். பெண்ணின் முகத்தில் பொய் நிற்காது என்று தெரிந்ததால் யோசனையை விட்டாள்.

"மாத்திச் சொல்லிட்டீங்க சார். தக்காளிதான் நான் எடுத்தது."

முதலாளிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அப்படியா" என்றார். கையிலிருந்த படத்தை மறுபடி பார்த்து, "அப்ப அந்த மஞ்சள் இலை?" என்றார்.

"அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன் சார்" என்றாள் பெண்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகம் மெல்லத் தெளிந்தது. அவருக்கு வழி கிடைத்துவிட்டது. "அப்ப இதுவும் உங்களுதுதானே படக்காரம்மா! நான் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. மத்த படத்துக்கும் இதே மாதிரி சொல்லிக் குடுத்துடுங்க. உங்க பேரும் புத்தகத்துல போட்டுடலாம்." அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் அதை எதிர்த்து எதுவும் பேச முடியவில்லை.

மத்தியானம் வரை சொன்னாள். பெண் எல்லாவற்றையும் ஒரே பத்தியாக இறுக்கி, புதினா என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டாள். அங்கே கொத்தமல்லி என்று போட்டால் கொத்தமல்லி வந்தது. ரோஸ்மேரி என்று போட்டால் ரோஸ்மேரி. மஞ்சள் இலையும் பாதித் தொட்டியும் தாழ்ந்த வெளிச்சமும் எல்லாவற்றுக்கும் பொருந்தின. படக்காரம்மா இனி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பெண் தயங்கித் தயங்கி, "அக்கா, மிச்சத்த நானே போட்டுக்கறேன். உங்கள அலைய வைக்க வேணாம்னு பாக்கறேன்" என்றாள்.

"ஆமாம்மா. எதுக்கு ரெண்டு பேரு."

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். திரையில் புதிதாக ஒரு படம் இறங்கிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் பார்த்தாள், நின்றாள்.

"ரோஸ்மேரி அடியிலயா மஞ்சளாகுது? அதுல ஊசி இலை. காஞ்சா பழுப்பாத்தான் ஆகும், கொட்டும். மாத்து."

பெண் மாற்றினாள். சரியாக வந்தது.