கவரில் இல்லாத ஜாபிதா

எங்கள் முதலாளிக்குக் கண்ணில் புரை விழுந்து, மதுரை ஆஸ்பத்திரியில் அறுத்துக்கொள்ளப் போனார். அவருக்கு மலைமேல் ஏலக்காய்த் தோட்டம். கீழே போடியில் அரிசிக் கிட்டங்கி. ஆள் கூட்டிப்போய் வேலை வாங்கும் கங்காணிகளின் கூட்டத்துக்கு வாராவாரம் இங்கிருந்து கழுதைப் பொதியில் அரிசி ஏறும், மேலேயிருந்து காய் இறங்கும். கிட்டங்கியில் நான் எழுத்து வேலை. அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எனக்கு மேலே ஒரு கணக்கப்பிள்ளை.

முதலாளி யாரிடமும் எதையும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். சொன்னால் மலை வரைக்கும் செய்தி போய்விடும் என்று பயம். அதனால் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கவர் எழுதி, மேலே தேதி போட்டு, அரக்கு வைத்துப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போனார். சாவி என்னிடம். அந்தந்தத் தேதியில் கணக்கப்பிள்ளை முன்னால் பிரிக்க வேண்டும், எழுதியிருப்பதைச் செய்ய வேண்டும். சாவி இடுப்பில்தான் இருக்கிறதா என்று தடவித் தடவியே எனக்கு அங்கே தோல் தேய்ந்தது.

முதல் கவர்களில் வம்பில்லை. ஆடி பிறந்ததும் பிரித்த கவரில் இருந்தது இவ்வளவுதான்: “இத்துடன் இணைத்துள்ள ஜாபிதாவில் கண்ட கங்காணிகளின் ஆட்களுக்கு இந்த வாரம் முதல் அரிசி ஏற்ற வேண்டாம்.”

ஜாபிதா இல்லை.

பேர்ப் பட்டியல் எழுதின தாள் எங்கே என்று கவரைக் கிழித்து விரித்துப் பார்த்தேன். மேசைக்கடியில் பார்த்தேன். கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், குண்டூசி குத்தின ஓட்டைகூட இல்லை.

கணக்கப்பிள்ளை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். “இதுக்கா முழிக்கிற? போன மாசம் முதலாளி எந்தக் கங்காணியைச் சத்தம் போட்டு வஞ்சாக? ஊருக்கே தெரியும். அவன் பேரை எழுது, சோலி முடிஞ்சது.”

அவர் சொன்ன அந்தக் கங்காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அய்யா அவன் கூட்டத்தில் வேலைக்குப் போனவர். மலைக்காய்ச்சல் கண்டு, டோலியில் வைத்து இறக்கினார்கள். பாதி வழியில் இவன் எதிரே வந்து, “மேல காய் நனையுது, மூட்டை இறங்கட்டும், ஆளு அப்புறம் இறங்கலாம்” என்று டோலிக்காரர்களைத் திருப்பிக் கூட்டிப் போய்விட்டான். அய்யா பாறையோரம் மழையில் கிடந்து செத்தார். என் படிப்பு நின்றது அதனால்தான். அவன் பேரைக் கேட்டாலே எனக்கு வாய் கசக்கும். அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று நினைக்காமல் நான் ஒரு நாளும் சோற்றில் கை வைத்ததில்லை.

“சாமியே கதவைத் திறந்து விட்டிருக்குடா,” என்றார் கணக்கப்பிள்ளை. “ஒரு பேரு. யாரு கேக்கப் போறா?”

பேனாவை எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், எடுத்துத்தான் விட்டேன். மை சொட்டியது. அப்புறம் எனக்கு வழக்கமான வியர்வை வந்துவிட்டது. முதலாளி மனசில் வேறொருத்தன் இருந்தால்? அரிசி நின்றால் பட்டினி கிடப்பது கங்காணி இல்லை, அவன் ஆட்கள். என் அய்யா மாதிரி ஆட்கள். அதைவிட ஒன்று உறுத்தியது. எனக்கு அவன் என் கையால் விழ வேண்டும். ஒரு காகிதம் காணாமல் போனதால் விழுந்தான் என்று இருக்கக் கூடாது.

“எனக்குத் தெரியாதுண்ணே. தெரியாததை எழுத மாட்டேன்.”

“அப்ப மத்த கவரையும் பிரி. மாத்திப் போட்டிருப்பாக.”

“அது இன்னும் தேதி ஆகலையே.”

“நீயும் உன் தேதியும்!”

தந்தியாபீசுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்ட போஸ்ட்மாஸ்டர் எழுதத் தொடங்கினார். “ஜாபிதா தொலைந்துவிட்டது, அப்படித்தானே?”

“தொலைஞ்சதுன்னு போடாதீக சார்.”

“பின்னே, வைக்க மறந்துவிட்டார்னு போடவா?”

“அதுவும் வேண்டாம். மறந்தாகளோ, விழுந்துச்சோ, நானா கண்டேன்? கவர்ல ஜாபிதா இல்லைன்னு மட்டும் போடுங்க.”

“எல்லாம் ஒண்ணுதான்யா.”

“இல்லை சார். அது நான் பாத்தது. மத்தது நீங்க நினைக்கிறது.”

அவர் கண்ணாடிக்கு மேலே என்னை முறைத்துவிட்டு, நான் சொன்னபடியே எழுதினார். இன்ன தேதிக் கவர், ஜாபிதா உள்ளே இல்லை, யாருக்கும் அரிசி நிறுத்தவில்லை, நாளை மதியத்துக்குள் பதில் வராவிட்டால் எல்லோருக்கும் ஒரு வார அரிசி மட்டும் ஏற்றுகிறேன், ஜாபிதா அனுப்பவும்.

விவரமெல்லாம் தபாலில் எழுதினேன். அரக்கு உடையாமல் இருந்தது, கணக்கப்பிள்ளை முன்னால் பிரித்தது, தேடின இடம், ஊசி ஓட்டை இல்லாதது, மற்ற கவர்களைத் தொடவில்லை, உத்தரவு கொடுத்தால் பிரிக்கிறேன் என்பது. கணக்கப்பிள்ளை ஒரு பேரைச் சொல்கிறார், அது அவர் ஊகம் என்றும் எழுதி, பேரை எழுதாமல் விட்டேன். கடைசி வரி முடிந்ததும் கை தானாக அடுத்த வரிக்குப் போனது. ‘அந்தக் கங்காணி என் அய்யாவை’ வரைக்கும் எழுதிவிட்டேன். தாளைக் கிழித்துப் போட்டு முழுதும் திரும்ப எழுதினேன். அந்த வழக்கு வேறு, இது வேறு. அதற்குத் தனித் தாள் எடுத்து, நடந்ததை எழுதி, டோலிக்காரர்கள் பேரையும் போட்டு, கீழே என் கையெழுத்தைப் போட்டு மடித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கழுதைகள் பொதிக்கு நிற்கும்போது தந்தி வந்தது. முதலாளியின் மருமகன் கொடுத்திருந்தார்: ஜாபிதா எழுதப்படவே இல்லை, எல்லோருக்கும் அரிசி ஏற்றவும்.

எவன் பேரைக் கணக்கப்பிள்ளை எழுதச் சொன்னாரோ அவன் கூட்டத்துக்கும் நானே நின்று அளந்து ஏற்றினேன். படி தலைதட்டி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதலாளி கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். “யாரை நிறுத்துறதுன்னு முடிவு பண்ணலைடா. முதல்ல உத்தரவை எழுதிட்டு, ஜாபிதாவைப் பெறகு எழுதலாம்னு இருந்தேன். கண்வலியில அப்படியே அரக்கு வச்சிட்டேன். நீயா ஒரு பேரை எழுதியிருந்தா நானே எழுதினதாத்தான் ஊரு சொல்லியிருக்கும்.”

என் மடித்த தாளை அப்போதுதான் நீட்டினேன். மருமகன் படித்துக் காட்டினார். முதலாளி டோலிக்காரர்களைக் கீழே வரவழைத்து, ஒவ்வொருத்தராக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார். அவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். கங்காணிக்குத் தோட்டத்தில் சோலி போனது. ஆட்களுக்கு வேறு கங்காணி வந்தான், அரிசி நிற்கவில்லை.

மலையை விட்டு இறங்கின அன்றைக்குக் கங்காணி தலையில் மூட்டையோடு கிட்டங்கி வாசலில் வந்து நின்றான்.

“ஏலே, அன்னைக்கே என் பேரைச் சீட்டுல எழுதச் சொன்னப்ப மாட்டேன்னியாமே. கணக்கப்பிள்ளை சொன்னாரு. உன்னை நல்லவன்னு நினைச்சேன்டா.”

“அன்னைக்கு எழுதியிருந்தா எவன் எழுதினான்னு உனக்குத் தெரியாமப் போயிருக்கும்,” என்றேன். “இப்பத் தெரியுமில்ல?”

தூறல் போட்டது. அவன் மூட்டையோடு உள்ளே ஒதுங்க ஒரு அடி வைத்தான்.

“மூட்டை நனையுது,” என்றேன். “அதை மட்டும் உள்ள வை. ஆளு அங்கனயே நில்லு.”